கட்டாய வாக்களிப்பு விவாதம்: உன் வாதக் குறிப்பைப் படித்தேன்

தம்பி, நேற்று இரவு ஒருமுறை, காலையில் ஒருமுறை படித்தேன். கட்டாய வாக்களிப்பு வேண்டும் என்று பேசும் உங்கள் அணிக்குத் தலைப்பு சாதகமானது, மூவருக்கும் பேச்சும் நன்றாக வரும், அதனால் இனிப்புத் தடவாமல் நேரடியாகச் சொல்கிறேன். இந்தக் குறிப்பில் எதிரணியே இல்லை. மேடையில் நீங்கள் மூன்று பேர் மட்டும் இருப்பதுபோல எழுதியிருக்கிறீர்கள்.

மறுப்புப் பகுதியை எடுத்துக்கொள். ஐந்து பக்கத்தில் அதற்குக் கிடைத்தது நான்கு வரி. அதில் முதல் வரி இது: "தனிமனித சுதந்திரம் என்பார்கள், அது தவறு என்று நிரூபிப்போம்." எப்படி நிரூபிப்பாய்? அதைத்தானே எழுதியிருக்க வேண்டும்! எதிரணியின் முதல் பேச்சாளர் எழுந்ததும் சொல்லப்போவது அதுதான், அதுவும் நீ எழுதியிருப்பதுபோல மொட்டையாகச் சொல்லமாட்டார். "வாக்களிக்காமல் இருப்பதும் ஓர் அரசியல் கருத்து, அதற்கு அபராதம் போடுவது கருத்துக்கு அபராதம் போடுவது" என்பார். கேட்கும்போதே நடுவர் தலையாட்டுவார். இதற்கு உங்களிடம் நல்ல பதில் இருக்கிறது: வாக்கு ரகசியமானது, ஆகவே சட்டத்தால் நடைமுறையில் வாக்குச்சாவடிக்கு வரச் சொல்ல முடியுமே தவிர, யாருக்குப் போட வேண்டும் என்றோ செல்லுபடியாகும் வாக்குத்தான் போட வேண்டும் என்றோ கட்டாயப்படுத்த முடியாது; பிடிக்காதவர் வெற்றுச் சீட்டைப் போட்டுவிட்டுப் போகலாம். இவ்வளவையும் முழு வாக்கியமாக எழுது. மேடையில் தோன்றும் என்று நம்பாதே, அங்கே தோன்றாது.

ஆனால் இந்தப் பதிலைச் சொன்னால் இன்னொரு இடத்தில் மாட்டுவீர்கள். முதல் பேச்சாளர் பகுதியில் "கடும் அபராதம், தேவைப்பட்டால் சலுகைகள் ரத்து" என்று இருக்கிறது. இரண்டாம் பேச்சாளர், அதாவது நீ, "இது ஒரு சின்னத் தூண்டுதல்தான்" என்கிறாய். எதிரணியில் யாராவது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும், கதை முடிந்தது. கடும் அபராதத்தை அடித்துவிடு. ஆஸ்திரேலியாவில் கூட்டாட்சித் தேர்தலில் காரணமின்றி வாக்களிக்காதவருக்கு 20 டாலர் அபராதம், அவ்வளவே. உங்கள் திட்டமும் அந்த அளவில் இருக்கட்டும். "அபராதம் ஏழைகளைத்தானே அடிக்கும்" என்று வரப்போகும் கேள்விக்கும் அதுவே பாதி பதில். மீதிப் பாதி, நியாயமான காரணம் சொன்னால் விலக்கு உண்டு என்பது. உங்கள் திட்டத்தில் விலக்கு என்ற சொல்லே இல்லை.

மறுப்பு தயாரிக்க நான் செய்வது ஒன்றே: எதிரணிக்காக உட்கார்ந்து அவர்களின் சிறந்த பேச்சை நானே எழுதிப் பார்ப்பேன். மோசமான பேச்சை எழுதி அதை அடித்து நொறுக்குவதில் சுகம் இருக்கிறது, பயன் இல்லை. விவரமில்லாதவர் கண்ணை மூடிக்கொண்டு போடும் வாக்கு, பெயர் வரிசையில் மேலிருந்து கீழாக எண் போட்டுவிட்டுப் போவது, இதெல்லாம் வரும். வேட்பாளர்களுக்கு விருப்ப வரிசையில் எண் போடும் ஆஸ்திரேலியாவில் இதைக் 'கழுதை வாக்கு' என்றே சொல்வார்கள், அதனால் சீட்டில் வேட்பாளர் வரிசையைக் குலுக்கிப்போட்டு முடிவு செய்கிறார்கள். இதைத் தெரிந்து வைத்திருந்தால் அந்தக் கேள்வி வரும்போது முழிக்க வேண்டியதில்லை.

அடுத்து, ஆதாரமில்லாத பேச்சு. மூன்று இடத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன்.

"பெரும்பாலான வளர்ந்த நாடுகள் இதைப் பின்பற்றுகின்றன" என்பது தப்பு. சட்டத்தில் வைத்திருப்பவை உலகம் முழுக்கச் சேர்த்தாலே சிறுபான்மைதான், அவற்றிலும் பல நாடுகள் அபராதம் வசூலிப்பதில்லை. எதிரணிக்கு இது தெரிந்திருந்தால் உங்கள் மற்ற எண்களையும் நடுவர் நம்பமாட்டார்.

"ஆஸ்திரேலியாவில் அனைவரும் வாக்களிக்கிறார்கள்" என்பதும் அப்படியே. உண்மையான எண்களே உங்களுக்குப் போதும்: 1922 தேர்தலில் வாக்குப்பதிவு 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தது, 1924 இல் சட்டம் வந்தது, 1925 தேர்தலில் 91 சதவீதத்தைத் தாண்டியது. 2022 இல் 90 க்குச் சற்றுக் கீழே இறங்கியதையும் நீங்களே சொல்லிவிடுங்கள், அவர்கள் வாயால் வரவிடாதீர்கள். நெதர்லாந்தும் அதேபோல. கட்டாயத்தைக் கைவிட்ட நாடு என்று எதிரணி தூக்கிக்கொண்டு வரும். வரட்டும். கட்டாயம் இருந்த கடைசி நாடாளுமன்றத் தேர்தல் 1967 இல், வாக்குப்பதிவு 95 சதவீதத்தை ஒட்டி. அடுத்தது 1971 இல், 79 சதவீதத்தை ஒட்டி. அவர்கள் கொண்டுவரும் உதாரணம் உங்கள் பக்கம் பேசுகிறது, நீயோ அதைக் குறிப்பில் சேர்க்கவே இல்லை.

மூன்றாவது வட்டம் "ஊழல் ஒழியும்". எண்ணை விடு, ஏன் ஒழியும் என்று ஒரு வரி காரணம்கூட இல்லை. நானும் யோசித்துப் பார்த்தேன், நேர்மையான தொடர்பு எதுவும் அகப்படவில்லை. எடுத்துவிடு.

எடுத்தால் நேரம் மிஞ்சும், அது இப்போது ரொம்பத் தேவை. முதல் பேச்சாளரின் 8 நிமிடத்தில் முன்னுரையும் மேற்கோளும் வரையறையும் சேர்ந்து இரண்டரை நிமிடம் தின்கின்றன. 'வாக்கு' என்றால் என்ன என்று விளக்க 40 நொடி போட்டிருக்கிறாய், அது யாருக்குத் தெரியாது? உங்கள் கையில் இருக்கும் ஒரே தங்கம், வாக்களிக்காதவர்கள் பெரும்பாலும் ஏழைகளும் இளைஞர்களும் என்பதால் கட்சிகள் அவர்களைக் கண்டுகொள்வதில்லை என்ற வாதம். அதைக் கடைசியில் ஒரு நிமிடத்துக்குள் திணித்திருக்கிறாய். ஆரெண்ட் லைப்ஹார்ட் என்ற அரசியல் அறிஞர் 1990களில் கட்டாய வாக்களிப்புக்காக வாதாடியதே இந்தச் சமமின்மையை வைத்துத்தான். இதை முதலில் வை, 3 நிமிடம் கொடு. திறப்புக்கு முக்கால் நிமிடம், வரையறைக்கும் திட்டத்துக்கும் ஒன்றேகால், கட்சிகளின் பிரசாரம் மாறும் என்ற வாதத்துக்கு இரண்டரை, முடிக்க அரை. சரியாக எட்டு.

உன் பேச்சில் மறுப்புக்கு ஒரு நிமிடமாம்! உனக்கு முன்னால் ஒருவர் 8 நிமிடம் பேசியிருப்பாரே. குறைந்தது 3 நிமிடம் வேண்டும், அப்புறம் உங்கள் முதல் பேச்சாளரின் வாதம் அடிபட்டிருந்தால் நிமிர்த்த ஒரு நிமிடம், ஒரே ஒரு புது வாதத்துக்கு மூன்றரை, முடிக்க அரை. இரண்டு புது வாதம் வேண்டாம், இரண்டும் அரைவேக்காடாகும். குறுக்குக் கேள்வி எடுத்தாலும் அரை நிமிடம் போகும், அதைப் புது வாதத்திலிருந்து வெட்டிக்கொள். மூன்றாம் பேச்சாளருக்குப் புது வாதத்துக்கு 3 நிமிடம் ஒதுக்கியிருப்பதைப் பார்த்துச் சிரிப்புத்தான் வந்தது. அவர் வேலையே இரு அணி வாதங்களின் மோதலை அலசுவது, ஆறு நிமிடத்துக்கு மேல் அதற்குத்தான்.

கடைசியில் தொகுப்புரை என்று தலைப்பு மட்டும் போட்டு வெறுமையாக விட்டிருக்கிறாய். எதிரணியின் மூன்றாம் பேச்சும் அவர்களின் தொகுப்புரையும் அடுத்தடுத்து வரும், மொத்தம் 12 நிமிடம் உங்கள் குரலே இல்லாமல் போகும். அதற்குப் பிறகு உங்களுக்குக் கிடைப்பது 4 நிமிடம், புதிதாக எதுவும் சொல்லக் கூடாது. எந்த இரண்டு மோதலில் வென்றோம் என்று இப்போதே ஊகித்து எழுதிவை, அன்றைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

வியாழனுக்குள் மறுப்புப் பக்கத்தை மட்டும் திருத்தி அனுப்பு, மற்றதை அப்புறம் பார்க்கலாம். வெள்ளி மாலை நான் எதிரணியாக நின்று பேசுகிறேன், மூன்று பேரும் கடிகாரத்தோடு வாருங்கள்.