வரி விகித மாற்றத்தால் கூடுதலான ஜிஎஸ்டி தொகையைக் கோருதல்

நாள்: 27.01.2023

அனுப்புநர்:
மழைநீர் வடிகால் பணியின் ஒப்பந்ததாரர்

பெறுநர்:
ஆணையர் அவர்கள், நகராட்சி அலுவலகம்

வழி: நகராட்சிப் பொறியாளர் அவர்கள்

பொருள்: மழைநீர் வடிகால் பணி – 06.04.2022 நாளிட்ட ஒப்பந்தம் – சட்ட மாற்றப் பிரிவு 42இன்படி ரூ.8,40,000 கோருதல் – தொடர்பாக.

பார்வை: எங்களின் 05.08.2022 நாளிட்ட முன்னறிவிப்புக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வரி நீங்கலாக ரூ.2,40,00,000 மதிப்புள்ள மேற்படி பணியைச் செய்து வருகிறோம். ஒப்பந்தப்புள்ளிக்குக் கடைசி நாள் 10.03.2022. அதற்கு 28 நாள் முந்தைய 10.02.2022 தான் அடிப்படை நாள். அன்று உள்ளாட்சி அமைப்புகளுக்குச் செய்யும் இவ்வகைப் பணிக்கு ஜிஎஸ்டி 12 சதவீதம். தங்கள் மதிப்பீட்டிலும் எங்கள் விலைப்பட்டியலிலும் வரி அதே 12 சதவீதமாகத் தனியாகக் காட்டப்பட்டுள்ளது.

ஜிஎஸ்டி மன்றம் 2022 ஜூன் இறுதியில் சண்டிகரில் கூடிப் பரிந்துரைத்தபடி, மத்திய அரசு 13.07.2022 அன்று 03/2022 எண்ணுள்ள மத்திய வரி விகித அறிவிக்கையை வெளியிட்டது. 18.07.2022 முதல் 12 சதவீதச் சலுகை நீங்கி 18 சதவீதம் ஆனது. அறிவிக்கை வந்த 23ஆம் நாளே முன்னறிவிப்பு கொடுத்துவிட்டோம். பிரிவு 42 தரும் அவகாசம் 28 நாள்.

இதன் பிறகும் 3, 4ஆம் பில்களுக்கு 12 சதவீதம் மட்டுமே வழங்கப்பட்டது. "ஒப்பந்தத் தொகை நிலையானது" என்பது தணிக்கைப் பிரிவின் குறிப்பு. நிலையானது வேலையின் விலைதான். அதில் ஒரு ரூபாய்கூட நாங்கள் கூட்டிக் கேட்கவில்லை. வரி குறைந்திருந்தால் அந்த வித்தியாசத்தை எங்கள் பில்லில் பிடித்துக்கொள்ள இதே பிரிவு நகராட்சிக்கு உரிமை தருகிறது. கூடும்போது மட்டும் அது செல்லாது என்பது எப்படிச் சரியாகும்?

பில் வாரியான கணக்கு இது:

1ஆம் பில், 28.05.2022, ரூ.62,00,000: ஜூனிலேயே பணம் வந்துவிட்டது. கோரிக்கை இல்லை.

2ஆம் பில், 14.07.2022, ரூ.38,00,000: பணம் வந்தது ஆகஸ்ட் 5இல். ஆனாலும் வேலையும் பில்லும் மாற்றத்துக்கு முந்தையவை. மத்திய ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 14இன்படி பில் நாளே கணக்கு என்பதால் பழைய விகிதமே பொருந்தும். இதற்கும் கோரிக்கை இல்லை.

3ஆம் பில், 12.09.2022, ரூ.54,00,000: செலுத்திய வரி ரூ.9,72,000, பெற்றது ரூ.6,48,000, வித்தியாசம் ரூ.3,24,000.

4ஆம் பில், 20.12.2022, ரூ.47,50,000: செலுத்திய வரி ரூ.8,55,000, பெற்றது ரூ.5,70,000, வித்தியாசம் ரூ.2,85,000.

ஆக இன்றுவரை நிலுவை ரூ.6,09,000. மீதி வேலை ரூ.38,50,000க்கு 6 சதவீதம் ரூ.2,31,000.

3ஆம் பில்லில் ஜூலை 18க்கு முன் செய்த வேலையும் கொஞ்சம் இருப்பதை உதவிப் பொறியாளர் சுட்டிக்காட்டினார். உண்மைதான். ஆனால் அந்தப் பகுதிக்கு பில்லும் பணமும் இரண்டுமே மாற்றத்துக்குப் பின் வந்தவை. அப்படிப்பட்ட நிலையில் புதிய விகிதமே என்று பிரிவு 14 தெளிவாகச் சொல்கிறது. மண்வேலைக்கான 12 சதவீத விகிதமும் இங்கு பொருந்தாது. அதற்கு மண்வேலை மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். அளவுப் புத்தகத்தின்படி இப்பணியில் அது 31 சதவீதம்தான்.

அப்புறம், உள்ளீட்டு வரி வரவில் இது ஈடாகிவிடாதா என்ற கேள்வி. சிமெண்டுக்கு 28, கம்பிக்கு 18 சதவீதம் என்பது மாற்றத்துக்கு முன்பும் பின்பும் ஒன்றுதான். அதனால் அவற்றில் புதிதாக வரவு எதுவும் கூடவில்லை. துணை ஒப்பந்ததாரரின் வரி 12இலிருந்து 18 ஆனது. அந்தக் கூடுதலை நாங்கள் வரவாக எடுத்துக்கொண்டதால் இங்கே அதைக் கேட்கவில்லை. லாபமோ மேல்செலவோ சேர்க்கப்படவில்லை.

பணியில் தாமதமும் இல்லை. இடம் ஒப்படைக்கப்பட்டது 20.04.2022, முடிக்க வேண்டிய நாள் 19.04.2023. மாற்றம் வந்தது ஒப்பந்தக் காலத்துக்குள்தான்.

தங்களிடமிருந்து வராத ரூ.6,09,000ஐ, வட்டியும் அபராதமும் வரக்கூடாதென்று எங்கள் நடைமுறை மூலதனத்திலிருந்து எடுத்து அரசுக்குக் கட்டியிருக்கிறோம். வாராவாரம் ஆட்களுக்குக் கூலி கொடுக்கும் பணம் அது.

எனவே ரூ.6,09,000ஐ 28 நாட்களுக்குள் வழங்கவும், மீதி பில்களை 18 சதவீத வரியுடன் அனுமதிக்கவும், அதற்கான ரூ.2,31,000ஐ திருத்திய நிர்வாக ஒப்புதலில் சேர்க்கவும் வேண்டுகிறோம். ஏற்க இயலாதெனில் காரணத்தை எழுத்தில் தந்தால் ஒப்பந்தத்தின் தகராறு தீர்வுப் பிரிவின்படி மேற்கொண்டு செல்வோம். வேலை அதற்காக நிற்காது.

அறிவிக்கை நகல், நான்கு பில்கள், செப்டம்பர், டிசம்பர் மாத ஜிஎஸ்டிஆர்-3பி படிவங்கள், வரி செலுத்திய ரசீதுகள், வங்கிக் கணக்கு விவரம், நகராட்சி பிடித்த 2 சதவீத டிடிஎஸ் சான்றுகள், பட்டயக் கணக்காளர் சான்று ஆகியவற்றை இணைத்துள்ளோம். டிடிஎஸ் வரி நீங்கலான மதிப்பின் மீதே பிடிக்கப்படுவதால், மேலே காட்டிய பில் மதிப்புகளைத் தங்கள் சான்றுகளிலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒப்பந்ததாரர்

நகல்: நகராட்சிக் கணக்குப் பிரிவு