மட்டு எண்கணிதமும் தொடர் வகுத்தலும்: எண் கோட்பாடு வகுப்புக் குறிப்பு

1947 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. 2025 ஆகஸ்ட் 15 என்ன கிழமை? இடையில் 78 ஆண்டுகள். சாதாரண ஆண்டுக்கு 365 நாள். 365-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1. அதனால் ஆண்டுக்கு ஒரு கிழமை நகரும். 1948 முதல் 2024 வரை 20 லீப் ஆண்டுகள். அவை கூடுதலாக 20 கிழமை நகர்த்தும். 78 + 20 = 98 = 14 × 7. மீதி 0, ஆக அன்றும் வெள்ளிதான். மொத்தம் எத்தனை நாள் என்று நாம் எண்ணவே இல்லை. மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம். மட்டு எண்கணிதத்தில் செய்வது இதைத்தான்.

ஒருங்கிசைவு

a − b என்பது n-ஆல் மீதியின்றி வகுபட்டால் a ≡ b (mod n) என்று எழுதுகிறோம். இந்தக் குறியீட்டைக் காஸ் 1801-இல் வெளியிட்ட நூலில் அறிமுகப்படுத்தினார். சமக்குறியைப் போலவே இருப்பதற்குக் காரணம் உண்டு: இருபுறமும் கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம், அடுக்கும் ஏற்றலாம். 7¹⁰⁰-இன் கடைசி இலக்கம் வேண்டுமா? 7² = 49 ≡ −1 (mod 10). எனவே 7⁴ ≡ 1, 7¹⁰⁰ = (7⁴)²⁵ ≡ 1. கடைசி இலக்கம் 1.

குறை எண்களில் கவனம் தேவை. மீதி எப்போதும் 0 முதல் n − 1 வரைதான் என்று கொள்கிறோம். −17 = (−4) × 5 + 3; எனவே −17-ஐ 5-ஆல் வகுத்தால் மீதி 3. பைத்தானில் `-17 % 5` கொடுத்தால் 3 வரும்; சி மொழியில் −2 வரும். இரண்டும் ஒருங்கிசைவானவைதான், ஆனால் நிரலில் இதைக் கவனிக்காவிட்டால் விடை கெட்டுப்போகும்.

சரி, வகுத்தல்? இங்கேதான் சிக்கல். 6 × 2 = 12, 6 × 5 = 30. mod 9-இல் இரண்டுமே 3. அதற்காக இருபுறமும் 6-ஐ அடித்துவிட்டு 2 ≡ 5 (mod 9) என்று எழுத முடியாது, அது தவறு. எப்போது அடிக்கலாம், எப்போது கூடாது என்பதை 6, 9 இரண்டின் மீப்பெரு பொது வகுத்தி சொல்லிவிடும். அதனால் அதைக் கண்டுபிடிக்கும் வழியை முதலில் பார்த்துவிடுவோம்.

தொடர் வகுத்தல்

391, 299 இரண்டின் மீ.பொ.வ என்ன? பகாக் காரணிகளைத் தேட உட்கார வேண்டாம். பெரியதைச் சிறியதால் வகுக்கவும். பிறகு வகுத்த எண்ணை மீதியால் வகுக்கவும். மீதி 0 ஆகும் வரை இதையே செய்யவும்.

391 = 1 × 299 + 92
299 = 3 × 92 + 23
92 = 4 × 23 + 0

கடைசியாக வந்த 0 அல்லாத மீதி 23. அதுதான் விடை. (391 = 17 × 23, 299 = 13 × 23.)

ஏன் இது சரியாக வருகிறது? முதல் வரியைப் பாருங்கள். 391, 299 இரண்டையும் வகுக்கும் எந்த எண்ணும் 391 − 299 = 92-ஐயும் வகுக்கும். திருப்பிப் பார்த்தால், 299, 92 இரண்டையும் வகுக்கும் எந்த எண்ணும் அவற்றின் கூடுதலான 391-ஐ வகுக்கும். ஆக (391, 299) ஜோடிக்கும் (299, 92) ஜோடிக்கும் பொது வகுத்திகள் அதே எண்கள்தான். மிகப் பெரியதும் அதேதான். ஒவ்வொரு வரியிலும் எண்கள் சிறுக்கின்றன, பொது வகுத்திகள் மாறுவதில்லை. மீதி ஒவ்வொரு முறையும் குறைவதால் எங்காவது 0-இல் நின்றே ஆக வேண்டும். நிரூபணம் இவ்வளவுதான். யூக்ளிட் ஏறத்தாழ கி.மு. 300-இலேயே இதைத் தொடர் கழித்தலாக எழுதிவைத்தார்.

எத்தனை வரி ஆகும்? சிறிய எண்ணில் உள்ள இலக்கங்களின் எண்ணிக்கையைப் போல் ஐந்து மடங்கைத் தாண்டாது என்று 1844-இல் லாமே நிறுவினார். அதிக வரி இழுப்பவை ஃபிபோனாச்சி எண்கள். 55, 34 எடுத்துச் செய்து பாருங்கள்: கடைசி வரி தவிர எல்லா ஈவும் 1, மொத்தம் எட்டு வரி.

ஈவுகளைத் தூக்கி எறியாதீர்கள்

விடைத்தாள்களில் பலரும் மீதிகளை மட்டும் வரிசையாக எழுதி விடைக்குப் போய்விடுகிறார்கள். மீ.பொ.வ மட்டும் போதும் என்றால் சரிதான். ஆனால் ஒவ்வொரு வரியையும் ஈவோடு முழுதாக எழுதுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம், மட்டு எண்கணிதத்தில் வகுத்தலே அந்த ஈவுகளில் இருந்துதான் கிடைக்கிறது.

17x ≡ 5 (mod 60) என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம்.

60 = 3 × 17 + 9
17 = 1 × 9 + 8
9 = 1 × 8 + 1

மீ.பொ.வ 1. இப்போது கீழிருந்து மேலே ஏறுங்கள், ஒவ்வொரு மீதியையும் அதற்கு மேல் வரியைக் கொண்டு மாற்றியபடி:

1 = 9 − 8
 = 9 − (17 − 9) = 2 × 9 − 17
 = 2 × (60 − 3 × 17) − 17
 = 2 × 60 − 7 × 17

இதில் 9-ஐயும் 17-ஐயும் பெருக்கிச் சேர்த்துவிடக் கூடாது. கடைசி வரைக்கும் அவற்றைத் தனித்தனியாகவே வைத்திருக்க வேண்டும். பெருக்கிவிட்டால் 1 = 1 என்றுதான் மிஞ்சும்.

mod 60-இல் 60 மறைந்துவிடும்: −7 × 17 ≡ 1. அதாவது 17-இன் நேர்மாறு −7, அல்லது 53. சரிபார்ப்பு: 17 × 53 = 901 = 15 × 60 + 1. இனி இருபுறமும் 53-ஆல் பெருக்கினால் x ≡ 265 ≡ 25. மீண்டும் சரிபார்ப்போம்: 17 × 25 = 425 = 7 × 60 + 5. விடை x ≡ 25 (mod 60).

17-உம் 60-உம் சார்பகா எண்கள் என்பதால்தான் நேர்மாறு கிடைத்தது. 6-க்கும் 9-க்கும் மீ.பொ.வ 3; mod 9-இல் 6-க்கு நேர்மாறு கிடையாது. 6x ≡ 4 (mod 9)-க்குத் தீர்வே இல்லை, ஏனென்றால் 6x − 4 என்பது 9-ஆல் வகுபட வேண்டுமானால் 4-ஐ 3 வகுத்தாக வேண்டும். 6x ≡ 3 (mod 9) வேறு: எல்லாவற்றையும் 3-ஆல் வகுத்தால், மட்டையும் சேர்த்து, 2x ≡ 1 (mod 3), அதாவது x ≡ 2 (mod 3). mod 9-இல் 2, 5, 8 என மூன்று தீர்வுகள்.

ஒரு பழைய கணக்கு

ஆரியபட்டர் 499-இல் தந்த குட்டக முறையும் இதே தொடர் வகுத்தலைத்தான் பயன்படுத்துகிறது. அதற்கு உரை எழுதிய முதலாம் பாஸ்கரர் தந்த கணக்கு: 8-ஆல் வகுத்தால் மீதி 5, 9-ஆல் வகுத்தால் மீதி 4, 7-ஆல் வகுத்தால் மீதி 1. எண் எது?

N = 8x + 5 என்க. 8x + 5 ≡ 4 (mod 9), அதாவது 8x ≡ −1. 8 ≡ −1 என்பதால் x ≡ 1 (mod 9). எனவே N ≡ 13 (mod 72); N = 13 + 72k என எழுதலாம். mod 7-இல் 13 ≡ 6, 72 ≡ 2. ஆக 6 + 2k ≡ 1, 2k ≡ −5 ≡ 2, k ≡ 1. மிகச் சிறிய N = 85. அடுத்தது 85 + 504 = 589; அப்புறம் 504 கூட்டிக்கொண்டே போகலாம்.

நீங்கள் செய்ய

1. 437, 323 இவற்றின் மீ.பொ.வ-ஐக் கண்டு, அதை 437s + 323t வடிவில் எழுதுக.
2. 11x ≡ 4 (mod 26)-ஐத் தீர்க்க. விடையைப் போட்டுச் சரிபார்க்கவும்.
3. 10x ≡ 6 (mod 14)-க்கு mod 14-இல் எத்தனை தீர்வுகள்? 10x ≡ 7 (mod 14)-க்கு?