வகுப்பாசிரியர் குறிப்பு: ஐந்தாம் வகுப்பு, இரண்டாம் பருவம்

உங்கள் மகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறாள். இருபது நிமிடத்துக்கென்று நான் கொடுக்கும் பத்துக் கணக்கை எட்டே நிமிடத்தில் முடித்து நோட்டை மூடிவிட்டு, அப்புறம் பக்கத்தில் இருப்பவளுக்கு விடையைக் கிசுகிசுப்பாள், இல்லையென்றால் பின்னட்டையில் மயில் வரைவாள். அதைக் குறும்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை, அவளுக்கு வேலை போதவில்லை, அவ்வளவுதான். (மயில் நன்றாகவே இருக்கிறது.)

ஆனால் வேகத்தில் வழிமுறையை விட்டுவிட்டு விடையை மட்டும் எழுதுகிறாள். பருவத் தேர்வில் பரப்பளவுக் கணக்கில் ச.செ.மீ. போடாமல் இரண்டு மதிப்பெண் போனது.

அதே மாதிரிக் கணக்குகளை இன்னும் பத்து கொடுப்பது தண்டனை மாதிரி ஆகிவிடும். போன வாரம் ஒரே ஒரு கேள்வி கொடுத்துப் பார்த்தேன்: 24 செ.மீ. சுற்றளவுள்ள செவ்வகங்களில் எதற்குப் பரப்பளவு அதிகம்? முதலில் 8க்கு 4 என்றாள், பிறகு கட்டம் போட்ட தாளில் ஒவ்வொன்றாக வரைந்து, முகம் சிவக்க யோசித்து, 6க்கு 6 என்று வந்து நின்றாள். சதுரமும் செவ்வகம்தானா மிஸ் என்று அவளே கேட்டாள்! அடுத்த பருவம் முழுக்க இப்படித்தான் கொடுக்கப்போகிறேன், விடையோடு காரணத்தையும் எழுத வேண்டும்.

வீட்டில் ஆறாம் வகுப்புப் பாடத்தை இப்போதே ஆரம்பிக்க வேண்டாம். திணறினால் கொஞ்சம் திணறட்டும், விடையை உடனே சொல்லிவிடாதீர்கள்.