2027 கலைத்திட்டம்: நம் பள்ளிக்கான மாற்றத் திட்டம்

இடம்: சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி
தயாரிப்பு: துணைத்தலைமையாசிரியர், கலைத்திட்டப் பிரிவு
காலம்: ஜூலை 2026 முதல் ஜூன் 2027 வரை
பார்வைக்கு: தலைமையாசிரியர், ஆசிரியர்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவை

நிலவரம்

2027-இல் முதலாம் ஆண்டு புதிய கலைத்திட்டத்துக்கு மாறுகிறது. மற்ற ஆண்டுகளுக்குப் பழையதே தொடரும். பெரிய பள்ளிக்கு இது முதலாம் ஆண்டு ஆசிரியர் சிலரின் கவலை. நம்மிடம் இருப்பதோ 64 மாணவர்களும் 10 ஆசிரியர்களும். காலையில் முதலாம் ஆண்டில் நிற்பவர்தான் ஓய்வுக்குப் பிறகு ஐந்தாம் ஆண்டில் நிற்கிறார். ஒரே நாளில் இரண்டு கலைத்திட்டம், இரண்டு தர ஆவணம். இந்தச் சுமையை ஒப்புக்கொண்டுதான் திட்டம் தொடங்குகிறது.

தயக்கம் எங்கிருந்து வருகிறது

மே மாதம் ஆசிரியர்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசினேன். புதியதை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. “இதுவும் எத்தனை நாளைக்கு?” என்றுதான் கேட்டார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. 2011-இல் கே.எஸ்.எஸ்.ஆர். கலைத்திட்டம் வந்தது, 2017-இல் அதன் சீராய்வு. 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு போனது, வகுப்பறை மதிப்பீட்டின் எடை கூடியது. ஒவ்வொரு முறையும் ஒருவர் பயிற்சிக்குப் போய்த் திரும்பி, அரை நாளில் படவில்லைகளைக் காட்டுவார். மறுநாள் எல்லாரும் கோப்பு திறக்க வேண்டும். வேலை கூடியதே தவிர எதுவும் கழியவில்லை.

ஓய்வுபெற மூன்று நான்கு ஆண்டுகளே உள்ள இருவரின் தயக்கம் வேறு. இணையப் பதிவில் தடுமாறுவோமோ, இளையவர்கள் முன் சிறுமைப்படுவோமோ என்ற கூச்சம் அது. கூட்டத்தில் அறிவுரை சொன்னால் அது தீராது. பக்கத்தில் உட்கார்ந்து உதவ ஒருவர் வேண்டும்.

முதலில் கழிப்பது

புதிதாக ஒன்றைக் கேட்கும் முன் இரண்டை நிறுத்துகிறோம். இணையத்தில் பதிந்த அடைவுநிலையைத் தாளில் மறுபடி எழுதிக் கோப்பில் வைப்பது 1 ஜூலை முதல் இல்லை. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி தனி அறிக்கை எழுதுவதும் இல்லை. படத்தோடு ஒரு பக்கம் போதும். அதிகாரிகள் கேட்டால் தலைமையாசிரியரே பதில் சொல்வார். இதற்கு அவர் கையொப்பமிட்ட குறிப்பு ஆசிரியர் அறையில் ஒட்டப்படும். இந்தப் பகுதி நடக்காவிட்டால் மற்றதை நடத்த எனக்கு முகமில்லை.

வழிகாட்டி

நம் பாலர் பள்ளி ஆசிரியை இவ்வாண்டே புதிய பாலர் கலைத்திட்டத்தில் கற்பிக்கிறார். ஜனவரியில் முதலாம் ஆண்டுக்கு வரப்போவதும் அவருடைய பிள்ளைகள்தான். ஆனால், ஆசிரியர் கூட்டத்தில் இதுவரை கடைசியாகப் பேசுபவர் அவர். ஜூலை முதல் வியாழன்தோறும் பிற்பகல் 1.15 முதல் 2.00 வரை நடக்கும் கற்றல் குழுவை அவரே வழிநடத்துவார். புதன் புறப்பாட நாள் என்பதால் வியாழன். அன்று வேறு கூட்டம் வைக்க எனக்கும் அனுமதி இல்லை.

ஒத்திகை

ஆகஸ்டில் இப்போதைய முதலாம் ஆண்டில் இரண்டு வாரம், ஒரே கருப்பொருள்: செம்பனை. கற்றல் தரங்கள் நடப்புத் தர ஆவணத்திலிருந்தே எடுக்கப்படும். இணைத்துக் கற்பிக்கும் முறையை மட்டும் பழகிப் பார்க்கிறோம். உதிர்ந்த பழங்களைப் பத்துப் பத்தாக எண்ணுவது கணிதம். பழத்தை வெட்டித் தோலும் கொட்டையும் பார்ப்பது அறிவியல். மட்டையில் சாயம் தொட்டு அச்செடுப்பது கலை. அப்பாவின் வேலையைப் பற்றி நான்கு வாக்கியம் பேசுவது தமிழ். பொருளுக்காகக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பழத்தை வெட்டுவது ஆசிரியர் மட்டுமே; மட்டையின் முள்ளை முன்னரே சீவிவிட வேண்டும்.

பாடத்தைப் பார்க்க மற்ற ஆசிரியர்கள் முறைவைத்து வருவார்கள். மேற்பார்வைப் படிவம் கிடையாது, புள்ளி கிடையாது. முதல் பாடத்தை நான் நடத்துகிறேன். குறை சொல்ல வசதியாக இருக்கும். மூத்த ஆசிரியர் இருவரும் செப்டம்பரில் தாங்கள் விரும்பும் இளையவரோடு சேர்ந்து நடத்தலாம்.

பெற்றோர்

“எத்தனை ஏ?” என்ற கேள்வி யு.பி.எஸ்.ஆரோடு போய்விடவில்லை. அக்டோபரில் பெ.ஆ.சங்கச் சந்திப்பு மாலை 7.30-க்கு, தோட்ட மண்டபத்தில். உரைகள் வேண்டாம், பிள்ளைகளின் செம்பனை வேலைகளைப் பார்வைக்கு வைத்து, அடைவுநிலை 1 முதல் 6 வரை என்ன என்பதை அவற்றைக் கொண்டே விளக்குவோம்.

சரிபார்ப்பு

நவம்பர், மார்ச், ஜூன் மாதங்களில் பெயரில்லாத் தாளில் மூன்று கேள்விகள்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் எழுத்து வேலைக்குப் போகிறது? எந்தப் பாடம் எடுபடவில்லை? எதை நிறுத்த வேண்டும்? மார்ச்சில் எழுத்து வேலை நேரம் நவம்பரைவிடக் கூடியிருந்தால், ஏப்ரலில் புதிய பணி எதுவும் தரப்படாது. ஏற்கெனவே உள்ளதில் ஒன்று நிறுத்தப்படும். எதை என்பதை ஆசிரியர்களே வாக்கெடுத்து முடிவு செய்வார்கள்.

இந்த வரைவில் திருத்தம் வேண்டுவோர் 26 ஜூனுக்குள் நேரில் சொல்லலாம், அல்லது பென்சிலால் குறித்து என் மேசையில் வைக்கலாம்.