செட்டிநாட்டு வீட்டை அளந்து பதிவு செய்தல்: மூன்றாவது அணிக்கு வரவேற்பும் முதல் வார வேலையும்

எல்லாருக்கும் வணக்கம். வாங்க.

இந்த அணியில் 23 பேர் சேர்ந்திருக்கிறீர்கள். நான் மெய்யம்மை. பிறந்த ஊர் கோனாபட்டு, இருப்பது காரைக்குடி. கட்டட வரைபடம் போடுவது என் தொழில். அடுத்த ஆறு வாரமும் உங்களோடு இருப்பேன்.

இந்த வகுப்பை ஏன் நடத்துகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு வீட்டைப் பிரித்தார்கள். தேக்குத் தூண்களில் சாக்பீஸால் நம்பர் போட்டு ஒவ்வொன்றாக லாரியில் ஏற்றினார்கள். சின்ன வயதில் நான் ஓடி விளையாடிய வீடு அது. என்னிடம் அந்த வீட்டின் போட்டோ நானூறுக்கு மேல் இருந்தது. முகப்பு, பொம்மைகள், வண்ணக் கண்ணாடி எல்லாம் இருந்தன. பிறகு அந்த வீட்டுப் பேத்தி ஒருத்தி, "முற்றத்தைச் சுற்றி இருந்த வளவு எத்தனை அடி அகலம் இருக்கும்? ஒரு படம் வரைந்து வீட்டில் மாட்ட ஆசை" என்று கேட்டாள். என்னால் சொல்ல முடியவில்லை. நானூறு படத்தில் ஒன்றில்கூட அளவு இல்லை. நாள் முழுக்க டேப்பும் கையுமாக இருக்கிறவள் நான். பக்கத்து வீட்டில் ஒரு தடவை டேப்பை விரிக்கத் தோன்றவில்லை என்பது இன்றைக்கும் வலிக்கிறது.

அதனால் இந்த வகுப்பில் அளவுதான் முதல். அப்புறம் சொல். அதற்குப் பிறகுதான் போட்டோ.

நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940கள் வரை எழுந்தவை. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் நடந்த கொண்டுவிற்று என்ற வட்டித் தொழிலின் பணம், பர்மாத் தேக்காகவும் இத்தாலிப் பளிங்காகவும் இங்கே வந்து இறங்கியது. 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்த ஓட்டம் நின்றுபோனது. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் பல வீடுகளில் இன்று ஒரு காவல்காரர் குடும்பம் மட்டும் இருக்கிறது. கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் வீட்டில் பங்கு. மூன்று தலைமுறை போனால் ஒரு வீட்டுக்கு நாற்பது பங்காளி இருப்பார்கள். ஓடு மாற்ற வேண்டுமென்றால்கூட எல்லாரும் சம்மதிக்க வேண்டும். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. நல்ல செய்திதான். ஆனால் அது காத்திருப்போர் பட்டியல், அதனால் எந்த வீட்டுக்கும் பாதுகாப்பு வந்துவிடவில்லை.

ஞாயிறுதோறும் இரவு 8 மணிக்கு நேரலை வகுப்பு. மற்ற நாட்களில் இங்கேயே பேசிக்கொள்ளலாம். முதல் வாரம் நிலைவாசல், பிறகு முகப்பும் திண்ணையும், வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, கடைசி வாரம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தாளில் வரைவது.

இப்போது நீங்கள் யார் என்று நாலு வரியில் சொல்லுங்கள். எந்த ஊர், எந்த வீட்டை நினைத்து வந்தீர்கள், வீட்டில் ஒரு டேப் இருக்கிறதா. அவ்வளவு போதும்.

வள்ளியம்மை, தேவகோட்டை
பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வயது 64. ஐயா கட்டிய வீடு. சாவி என்னிடம் இருக்கிறது, பங்கு பதினாலு பேரிடம் இருக்கிறது. மாதம் ஒரு தடவை திறந்து கூட்டிப் பெருக்கி விளக்கேற்றிவிட்டு வருகிறேன். போன மழையில் இரண்டாம் கட்டில் ஒரு உத்தரம் இறங்கிவிட்டது. அது விழுவதற்குள் எழுதி வைக்க வேண்டும். டேப் இருக்கிறது, தையல் டேப்.

செந்தில், பள்ளத்தூர்
அப்பா கொத்தனார், சுண்ணாம்பு வேலை தெரிந்தவர். கடுக்காய்த் தண்ணீர் ஊற்றி அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, சுவரைக் கண்ணாடி மாதிரி தேய்த்து எடுப்பார். நான் சிவில் டிப்ளமோ. அவருக்குத் தெரிந்ததில் பாதிகூட எனக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. டேப், மட்டம், தூக்குக்குண்டு எல்லாம் இருக்கிறது.

கவிதா, ஆத்தங்குடி
டைல் பட்டறையில் ஒன்பது வருடமாக வேலை. கண்ணாடி மேல் அச்சு வைத்து வண்ணம் ஊற்றுவது என் வேலை. பழைய வீடுகளுக்கு மாற்று டைல் கேட்டு வருகிறவர்கள் உடைந்த துண்டைத்தான் கொண்டு வருகிறார்கள். முழுத் தரையில் அந்தப் பூ எப்படி ஓடியது என்று யாருக்கும் தெரிவதில்லை. அதை எழுதி வைக்கக் கற்றுக்கொள்ள வந்தேன்.

அழகப்பன், பினாங்கு
அப்பச்சி காலத்திலிருந்தே இங்கேதான். எங்கள் வீடு நேமத்தான்பட்டியில். கடைசியாகப் போனது மகன் கல்யாணத்துக்கு. இந்த வாரம் வீட்டுக்குப் போக முடியாது. என்னைப் போன்றவர்கள் சேரலாமா?

முத்து, கானாடுகாத்தான்
எங்கள் அப்பா ஒரு வீட்டுக்குக் காவல்காரர். நான் அந்த வீட்டின் கடைசிக் கட்டில்தான் பிறந்தேன். வீடு எங்களுடையது இல்லை. நான் அளக்கலாமா அக்கா?

மெய்யம்மை
முத்து, உனக்குத்தான் முதல் பதில். தாராளமாக அளக்கலாம், உரிமைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. எந்த ஓடு எந்த மழையில் ஒழுகியது, எந்தக் கதவு ஆடி மாதம் இறுகும் என்பது உன் அப்பாவுக்குத்தான் தெரியும். அந்த வீட்டைப் பற்றி உங்கள் இரண்டு பேரிடமிருந்துதான் அதிகம் கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று நினைக்கிறேன்.

அழகப்பண்ணே, கட்டாயம் சேரலாம். நீங்கள் இருக்கும் வீட்டின் வாசலையே இந்த வாரம் அளங்கள். கை பழகினால் போதும். ஊரில் யாராவது பெரியவருக்குப் போன் போட்டு சொற்களை மட்டும் கேட்டு எழுதுங்கள்.

வள்ளியம்மை ஆச்சி, அந்த உத்தரத்துக்கு அடியில் நிற்காதீர்கள். இந்த வாரம் முகப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். தையல் டேப் இழுத்தால் நீளும், அதனால் இரும்பு டேப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 5 மீட்டர் போதும்.

கவிதா, செந்தில், உங்கள் கைவேலைக்கு நான்காவது வாரத்தில் ஒரு தனி வகுப்பு வைக்க ஆசை. உங்கள் அப்பாவும் வருவாரா தம்பி? பேசச் சொல்ல வேண்டாம், கேள்வி கேட்டால் பதில் சொன்னால் போதும்.

சரி, இனி முதல் வேலை.

முதல் வாரம்: ஒரே ஒரு நிலைவாசல்

வீடு முழுவதையும் அளக்க வேண்டாம். ஒரு வாசல் போதும். முகப்பு நிலையாக இருந்தால் நல்லது. அது பூட்டியிருந்தால் உங்கள் கைக்கு எட்டும் எந்த வாசலும் சரி.

முதலில் ஒரு வெள்ளைத் தாளில் வாசலைப் பென்சிலால் வரையுங்கள். அழகாக வர வேண்டியதில்லை, பெரிதாக வந்தால் போதும். பிறகு ஏழு அளவு: கதவு திறக்கும் இடத்தின் அகலம், உயரம், நிலைக்காலின் அகலம், வாசற்படியின் உயரம், சுவரின் கனம், அப்புறம் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு. எல்லாம் சென்டிமீட்டரில். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எடுங்கள். இரண்டும் ஒத்து வராவிட்டால் மூன்றாவது தடவை. எடுத்த உடனே தாளில் எழுதிவிடுங்கள், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

குறுக்களவு எதற்கு என்று கேட்பீர்கள். என் வீட்டு வாசல் 112 அகலம், 198 உயரம். நேராக இருந்தால் இரண்டு குறுக்களவும் ஒன்றாக வர வேண்டும். எனக்கு 226, 229 என்று வந்தது. கணக்குப் போட்டால் நிலையின் மேல்பக்கம் ஏறக்குறைய 3 செ.மீ. ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியவே இல்லை. அடுத்த வருடம் அதே இடத்தில் அளந்தால் சாய்வு கூடுகிறதா, அப்படியே நிற்கிறதா என்று தெரிந்துவிடும். ஒரு நிலை சாய்ந்தால் அதற்கு மேலே உள்ள சுவரும் கவனிக்க வேண்டியதாகிறது.

அடுத்து நான்கு போட்டோ. முழு வாசல் ஒன்று, வாசற்படி ஒன்று, மேல் பலகை ஒன்று, தாழ்ப்பாள் ஒன்று. முழு வாசலை எடுக்கும்போது நேர் எதிரே பின்னால் தள்ளி நில்லுங்கள். போனை வாசலின் பாதி உயரத்தில் பிடியுங்கள். அகலமாகக் காட்டும் 0.5 லென்ஸ் வேண்டாம், அது நேர்க்கோட்டை வளைத்துவிடும். டேப்பையோ ஒரு அடிஸ்கேலையோ படத்தில் தெரியும்படி வையுங்கள்.

கடைசியாக மூன்று சொல். வீட்டுப் பெரியவர், ஆசாரி, கொத்தனார், காவல்காரர் யாரிடமாவது அந்த வாசலின் மூன்று பாகங்களைத் தொட்டுக் காட்டி, இதற்கு என்ன பெயர் என்று கேளுங்கள். அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். ஒரே பாகத்துக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர் வரும். எதையும் திருத்தாதீர்கள்.

கோப்புக்கு ஊரும் பாகமும் எண்ணும் மட்டும் பெயராக இருக்கட்டும், இப்படி:

```
pallathur-nilai-01.jpg
```

தெருப் பெயர், வீட்டு விலாசம், குடும்பப் பெயர் எதையும் எங்கேயும் எழுதாதீர்கள். செதுக்கு வேலை உள்ள பூட்டிய வீடு எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். படங்கள் நம் 23 பேருக்குள் மட்டும்.

சனிக்கிழமை இரவு 9 மணிக்குள் தாளின் படம் ஒன்று, போட்டோ நான்கு, சொல் மூன்று. இதற்கு ஒரு மணி நேரம் ஆகும்.

செந்தில்
அக்கா, குறுக்களவோடு தூக்குக்குண்டும் விட்டுப் பார்க்கலாமா? நிலை முன்பக்கமாகச் சாய்ந்திருந்தால் டேப்பில் தெரியாதே.

மெய்யம்மை
ரொம்பச் சரி தம்பி. முன்சாய்வு டேப்பில் வராது. குண்டு இல்லாதவர்கள் நூலில் ஒரு சின்னப் பூட்டைக் கட்டி மேலிருந்து தொங்கவிடுங்கள். மேலேயும் கீழேயும் நூலுக்கும் மரத்துக்கும் இடைவெளி எவ்வளவு என்று எழுதினால் போதும். மின்விசிறியை அணைத்துவிட்டு அளக்கவும்.

வள்ளியம்மை
மெய்யம்மை, மதியமே கடைக்குப் போய் இரும்பு டேப் வாங்கிவிட்டேன். நாளைக்குச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். தனியாக டேப் பிடிக்க முடியாது, பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டிக்கொள்ளலாமா?

மெய்யம்மை
கூட்டிக்கொள்ளுங்கள் ஆச்சி. அவன் டேப் பிடிக்கட்டும், நீங்கள் எழுதுங்கள். தாளின் மூலையில் அவன் பெயரையும் போட்டுவிடுங்கள்.