பொருள்: இன்று மாலை 4 மணிக்கு அவசரக் கூட்டம் – நேவி டி-ஷர்ட் சாயம் இறங்கும் புகார்

அனைவருக்கும் வணக்கம்.

இன்று மாலை 4 மணிக்கு மேல்மாடி சாம்பிள் அறையில் முக்கால் மணி நேரம் உட்கார வேண்டியிருக்கிறது. பிராசஸிங், க்யூசி, பேக்கிங், ஷிப்பிங் நான்கிலிருந்தும் முடிவு சொல்லக்கூடியவரே வாருங்கள். சாயப்பட்டறையில் இருப்பவர் போனில் சேர்ந்துகொள்ளலாம்.

ஜெர்மனி பையருக்குப் போன குழந்தைகள் டி-ஷர்ட், அதாவது நேவி பாடி, வெள்ளை ரிப் கழுத்து ஸ்டைல். முதல் ஷிப்மென்ட் 4,800 பீஸ். ஒரே துவைப்பில் நேவி இறங்கி வெள்ளைக் கழுத்து நீலம் பாய்கிறது என்று கடைகளுக்குப் பீஸ் திரும்பி வருகிறதாம். அவர்கள் லேபில் காட்டன் மீது ஸ்டெய்னிங் 2-3 வந்திருக்கிறது. நாம் ஒப்புக்கொண்டது 4. போன வாரம் வரை மெர்ச்சண்டைசர் அளவில் பேசிக்கொண்டிருந்தோம். இன்று காலை அவர்களுடைய தரப் பிரிவுத் தலைவரே நம் எம்.டி.க்கு எழுதிவிட்டார். நாளை அவர்கள் நேரம் மாலை 5 மணிக்குள், நமக்கு இரவு 8.30, எழுத்தில் பதில் போக வேண்டும்.

ஆர்டரை ரத்து செய்வதாகவோ டெபிட் நோட் போடுவதாகவோ அந்த மெயிலில் ஒரு வரிகூட இல்லை. கேட்டிருப்பது இரண்டுதான்: காரணம் என்ன, பேக்கிங்கில் இருக்கும் 7,600 பீஸும் இப்படித்தானா? இரண்டாவது கேள்விக்குப் பதில் நம் வளாகத்திலேயே இருக்கிறது. அதனால் க்யூசி இப்போதே லாட்டுக்கு இரண்டு பீஸ் எடுத்து, மல்டிஃபைபர் பட்டை வைத்து 40 டிகிரியில் வாஷ் டெஸ்ட் போட்டுவிடுங்கள். 4 மணிக்குக் காய்ந்த பட்டைகள் மேஜையில் இருந்தால் பாதிப் பேச்சு மிச்சம்.

பிராசஸிங் தரப்பு லாட் கார்டுகளையும் நம் பழைய டெஸ்ட் ரிப்போர்ட்டையும் கொண்டுவர வேண்டும். சோப்பிங்கில் ஒரு பாத் குறைந்திருக்குமோ என்பது என் சந்தேகம். நூலில் பிடிக்காத சாயம் துணியிலேயே தங்கினால் முதல் துவைப்பில் இப்படித்தான் இறங்கும். ஆனால் இது ஊகம்தான். கார்டைப் பார்க்கும் முன் பட்டறைக்காரரிடம் யாரும் சத்தம் போட வேண்டாம். நாளைக்கே அவரிடம்தான் நிற்கப்போகிறோம்.

பேக்கிங்கில் இந்த ஸ்டைலின் கார்ட்டன் ஒட்டுவதை மட்டும் நிறுத்திவையுங்கள். மற்ற ஆர்டர்கள் வழக்கம்போல ஓடட்டும். லைனில் யாராவது கேட்டால், ஒரு ஸ்டைலை மறுபடி சோதிக்கிறோம் என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

மெயில் கிடைத்தது, நாளை விவரமாக எழுதுகிறோம் என்று பையருக்கு நான் பதில் போட்டுவிட்டேன். இனி அவர்களோடு பேச்சு என் வழியாகவே போகட்டும். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் அதுவே தனிப் புகாராகிவிடும்.

வர இயலாதவர்கள் 1 மணிக்குள் எனக்குப் போன் செய்து, பதிலுக்கு யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடுங்கள்.

மெர்ச்சண்டைசிங் மேலாளர்
திருப்பூர், காலை 11.20