மூன்று பாட்டு அனுப்பியிருக்கிறேன்

ஏனுங்க, தூங்கிவிட்டீர்களா? காலையில் பார்த்தாலும் சரி. மேலே மூன்று பாட்டு அனுப்பியிருக்கிறேன், அதே வரிசையில் கேளுங்கள்.

நம் ஊரில் யாராக இருந்தாலும் 'ஏனுங்க' என்றுதான் கூப்பிடுகிறோம். மளிகைக் கடை அண்ணனிடம் சுலபமாக வரும் அந்தச் சொல், உங்களைக் கூப்பிடும்போது மட்டும் தொண்டையில் நின்றுவிடுகிறது. எட்டு மாதமாக இப்படித்தான். அதனால்தான் பாட்டு.

முதலாவது, 'மௌன ராகம்' படத்தில் வரும் 'மன்றம் வந்த தென்றலுக்கு'. 1986-இல் வந்த படம். ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பேர், பேச எவ்வளவோ இருந்தும் பேசாமல் இருப்பார்கள். அவர்களுக்காக எஸ்.பி.பி. பாடுவார். அவிநாசியில் வேன் ஏறினால் திருப்பூர் வரைக்கும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருகிறோமே, அப்போதெல்லாம் எனக்குள் ஓடுவது இதுதான்.

இரண்டாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். 'அவதாரம்' படத்தின் 'தென்றல் வந்து தீண்டும்போது'. வாலி எழுதி, இளையராஜாவும் ஜானகியம்மாவும் பாடியது. கண் தெரியாத பெண்ணுக்கு நிறங்களைப் புரியவைக்கும் பாட்டு. நான் செக்கிங்கில் சேர்ந்த முதல் வாரம் ஞாபகம் இருக்கிறதா? இரண்டு நேவி துணியும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன. நீங்கள்தான் லைட் பாக்ஸில் வைத்து, ஒவ்வொரு விளக்காக மாற்றிக் காட்டினீர்கள். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்தவை அடுத்த வெளிச்சத்தில் பிரிந்தன. ஒன்றில் லேசாகச் சிவப்பு ஓடியது. "அவசரமில்லைங்க, கண்ணு பழகிடும்" என்றீர்கள். கண் பழகிவிட்டது. இப்போது கடையில் துணி எடுக்கும்போதும், சாயங்கால வானத்தைப் பார்க்கும்போதும் உங்கள் குரல்தான் கேட்கிறது. இந்தப் பாட்டைக் கேட்டால் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

அப்புறம் 'மின்னலே' படத்து 'வசீகரா'. ஒரு பெண் தன் ஆசையைத் தயங்காமல் சொல்லும் பாட்டு. எழுதிய தாமரை நம் கோவையில் இன்ஜினியரிங் படித்தவர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. போன வாரம் மழையில், என் பக்கத்து ஜன்னல் கண்ணாடி ஏறவில்லை என்றதும் எதுவும் சொல்லாமல் இடம் மாறி உட்கார்ந்தீர்கள். இறங்கும்போது உங்கள் ஒரு தோள் முழுக்க நனைந்திருந்தது. அன்று ராத்திரி இந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டேன் என்று எண்ணவில்லை.

உடனே பதில் வேண்டாம். நிதானமாகக் கேளுங்கள். உங்களுக்கும் அப்படித் தோன்றினால், நீங்களும் ஒரு பாட்டு அனுப்புங்கள், போதும். தோன்றவில்லை என்றாலும் செக்கிங் டேபிள் பக்கம் வராமல் இருந்துவிடாதீர்கள். திங்கட்கிழமை புது லாட் வருகிறது, ஷேடு நாம் சேர்ந்துதான் பார்க்க வேண்டும்.